ஒரே பக்கத்தில் லோகோ விதிமுறை: ஒரு மசாலைத்தூள் கடைக்குச் செய்து பார்ப்போம்

சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் ஒரு சின்ன வியாபாரத்தின் லோகோ எத்தனை கைக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாக்கெட் ஸ்டிக்கர் அடிப்பவர் ஒருவர், ஈப்போவில் பண்டிங் அடிக்கும் கடை ஒன்று, டீ-ஷர்ட்டில் எம்பிராய்டரி போடுபவர், பக்கத்துத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நன்கொடையாளர் பேனரைக் கைப்பேசியிலேயே செய்யும் கமிட்டித் தம்பி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பேனர் போடும் ஆசிரியர். இவர்களில் யாரும் நாற்பது பக்கப் பிராண்ட் புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை. கடையில் வேலை குவிந்து கிடக்கும்போது நீங்கள் கொடுக்கும் ஒரு பக்க விதிமுறைத் தாளை அரை நிமிடம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த அரை நிமிடத்துக்குள் மூன்று கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும்: லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விடணும், எவ்வளவு சின்னதாக்கலாம், எந்த ஃபைலை எடுக்கணும்.

வீட்டிலேயே மிளகாய் மல்லி அரைத்து, பசார் மாலாமிலும் தோட்டத்து மளிகைக் கடைகளிலும் விற்கும் ஒரு அக்காவின் லோகோவை வைத்தே முழுசாகச் செய்வோம். பெயரை விட்டுவிடுகிறேன், மசாலைத்தூள் என்ற சொல்லே பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு வட்டம், அதற்குள் மிளகாய். வலப்பக்கம் மூன்று வரி: பெரிய எழுத்தில் தமிழ், அதற்குக் கீழே ரோமன் எழுத்தில் அதே பெயர், கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வாசகம். நம் ஊர் லோகோக்களில் பலவும் இந்த அமைப்புதான், அதனால் உங்களுடையதும் இதையொட்டியே இருக்கும்.

முதலில் கையில் இருப்பது அசல்தானா என்று பாருங்கள்

விதிமுறை எழுதுவதற்கு முன்னால் லோகோவின் வெக்டர் ஃபைல் வேண்டும். அதாவது புள்ளி புள்ளியாக இல்லாமல் கோடுகளாக வரைந்த ஃபைல். வாட்சப்பில் வந்த படத்தை வைத்து விதிமுறை எழுதினால், எந்த ஃபைலை எடுக்கணும் என்ற மூன்றாவது கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

ஃபைல் பெயர் பி.டி.எஃப் என்று முடிவதால் மட்டும் அது வெக்டர் ஆகிவிடாது, யாராவது ஜே.பி.ஜி படத்தை உள்ளே ஒட்டி பி.டி.எஃப் என்று சேமித்திருக்கலாம், அது அடிக்கடி நடப்பதுதான். கண்டுபிடிப்பது சுலபம். பி.டி.எஃப்பைத் திறந்து முடிந்த மட்டும் பெரிதாக்குங்கள். வட்டத்தின் விளிம்பு கடைசிவரை கத்தி வெட்டியது போல இருந்தால் வெக்டர், படிக்கட்டு மாதிரியோ புகை மாதிரியோ வந்தால் படம்.

படம் மட்டும்தான் இருக்கிறதென்றால் திரும்ப வரையச் சொல்லுங்கள். இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் `Trace Bitmap` இருக்கிறதே, ஒரு நொடியில் வெக்டர் ஆகிவிடுமே என்று தோன்றும். சின்னப் படத்தில் அதைச் செய்தால் மிளகாய் ஓரளவு தப்பித்துவிடும், எழுத்துதான் தப்பாது: புள்ளிகள் கோணல் முட்டையாகும், ள-வின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும், நேர்கோடுகள் லேசாக நெளியும். பாக்கெட்டில் தெரியாது, ஆறடிப் பண்டிங்கில் தெரியும். என்ன எழுத்துரு என்று தெரிந்தால் எழுத்தைத் திரும்பத் தட்டச்சு செய்து வட்டத்தை மட்டும் புதிதாக வரைவது நல்லது, அதிக நேரமும் எடுக்காது.

சுற்று இடம்: லோகோவிலிருந்தே ஒரு அளவுகோல்

லோகோவைச் சுற்றி வேறு எதுவும் வரக் கூடாத வெற்று இடத்தை மில்லிமீட்டரில் எழுதாதீர்கள். சுற்றிலும் 5 மி.மீ. விடவும் என்று எழுதினால் பாக்கெட்டில் அது தாராளம், பண்டிங்கில் அது ஒன்றுமே இல்லை. லோகோ பெரிதானால் தானும் பெரிதாகும் ஓர் அளவு வேண்டும், அது லோகோவுக்குள்ளேயே இருக்கிற ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆங்கில லோகோவில் ஏதாவது ஒரு பெரிய எழுத்தின் உயரத்தை எடுத்துக்கொள்வார்கள். தமிழில் எந்த எழுத்தை எடுப்பது என்று கொஞ்சம் யோசிக்கணும். ள் எடுத்தால் புள்ளியோடா புள்ளி இல்லாமலா என்று கேள்வி வரும், தூ எடுத்தால் வால் கீழே இறங்கும். மேலேயும் நீட்டாமல் கீழேயும் இறங்காமல் சதுரமாக உட்கார்ந்திருப்பது ம. அதனால் ம-வின் உயரமே நம் அளவு. தாளில் அதற்கு ம என்றே பெயர் வைத்துவிடலாம், தமிழ் படிக்கத் தெரியாத கடைக்காரருக்கும் படத்தில் அந்த எழுத்தை நான்கு பக்கமும் ஒட்டிக் காட்டினால் புரிந்துவிடும்.

அக்காவின் லோகோவை வரைந்த அளவில் பார்த்தால் அகலம் 600, உயரம் 160, ம-வின் உயரம் 50. நான்கு பக்கமும் ஒரு ம விட்டால் மொத்தம் 700-க்கு 260. மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த லோகோவில் சுற்று இடம் என்பது லோகோ அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 60 மி.மீ. அகலத்தில் அடித்தால் 5 மி.மீ. இடம். 480 மி.மீ. அகலத்தில் அடித்தால் 40 மி.மீ. இங்கே பண்டிங் வழக்கமாக 2 அடி அகலம், அதாவது சுமார் 610 மி.மீ. 480-உம் இரண்டு பக்கமும் நாற்பது நாற்பதும் சேர்த்தால் 560, வசதியாக உட்காரும். 550 மி.மீ.க்குப் பெரிதாக்கச் சொன்னால் இரு பக்கமும் சேர்த்து 640-க்கு மேல் வரும், இடம் போதாது. அக்காவே வந்து லோகோவைப் பெருசா போடு தம்பி என்று சொன்னாலும் கடைக்காரர் தாளைக் காட்டி முடியாது என்று சொல்லலாம்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்தின் நடு உடலிலிருந்து அளக்கக் கூடாது, மை படும் கடைசி விளிம்பிலிருந்து அளக்கணும். அக்காவின் லோகோவில் வட்டம்தான் எல்லாவற்றையும் விட உயரம் என்பதால் மேலேயும் கீழேயும் பிரச்சினை இல்லை. ஆனால் வட்டமில்லாமல் பெயரை மட்டும் போடும் வடிவம் ஒன்று வைத்திருந்தால், மேலே ள் மீதுள்ள புள்ளியின் உச்சியும் கீழே தூ-வின் வால் நுனியும்தான் எல்லை. ம-வின் தலையிலிருந்து அளந்துவிட்டால் புள்ளியின் மேல் அடுத்த வரி வந்து இடிக்கும்.

இந்த இடம் உண்மையில் எங்கே தேவைப்படுகிறது என்றால், திருவிழா பேனரின் அடிப்பகுதியில். அங்கே நகைக்கடை, பலகாரக் கடை, வாடகைக் கார், தொகுதித் தலைவர் எல்லாரும் ஒரே வரிசையில் நெருக்கியடித்து நிற்பார்கள். மிளகாய் வட்டத்துக்கு இடப்பக்கம் இடம் விடாமல் பக்கத்துக் கடையின் தொலைபேசி எண் வந்து ஒட்டினால், எண் யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கடைப் பலகையில் இன்னொரு சிக்கல்: மலாயில் கடையின் வகையை எழுதும் வரி லோகோவுக்கு மேலேயோ கீழேயோ வந்து உட்காரும், அதை லோகோவின் ஒரு பகுதி மாதிரி ஒட்டிவிடுவார்கள். அந்த வரியும் ஒரு ம தள்ளித்தான் தொடங்கணும் என்று தாளில் ஒரு சின்னப் படம் போட்டால் போதும்.

விதி எழுதினாலும் பேனர் செய்யும் தம்பி அளந்து பார்க்கப் போவதில்லை. அதனால் அவருக்குப் போகும் படத்திலேயே இடத்தைச் சேர்த்து வைத்துவிடுவதுதான் என் பழக்கம். லோகோவைச் சுற்றி வெறும் இடத்தையும் சேர்த்து ஏற்றுமதி செய்தால், படத்தை இன்னொரு படத்தோடு ஒட்டி வைத்தாலும் இடைவெளி தானாக வந்துவிடும். இணையத்துக்கான வெக்டர் ஃபைலான எஸ்.வி.ஜி-யில் இது சின்ன மாற்றம், svg என்று தொடங்கும் வரியில் viewBox-ஐ மட்டும் இப்படி மாற்றி மற்றதை அப்படியே விடுங்கள்:

```
<svg viewBox="-50 -50 700 260">
```

லோகோ 0,0-வில் தொடங்கி 600-க்கு 160 என்று வரைந்திருந்தால் இந்த வரி நான்கு பக்கமும் 50 சேர்த்துக்கொள்ளும். அச்சகத்துக்குப் போகும் பி.டி.எஃப்பில் மட்டும் இதைச் செய்ய மாட்டேன். அங்கே வடிவமைப்பாளர் விளிம்போடு சேர்த்து வரிசைப்படுத்துவார், கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் அவரைக் குழப்பும்.

குறைந்த அளவு: அச்சடித்துப் பார்த்தால்தான் தெரியும்

இந்த எண்ணைத் திரையைப் பார்த்து முடிவு செய்யவே முடியாது. லோகோவை 80 மி.மீ. அகலத்திலிருந்து தொடங்கி ஐந்து ஐந்தாகக் குறைத்து ஒரே தாளில் வரிசையாக வையுங்கள். அச்சடிக்கும்போது `Fit` என்று இருப்பதை `Actual size` என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும். வந்த தாளைக் கை நீளத்தில் பிடித்துப் பெரியதிலிருந்து சின்னதுக்கு வாருங்கள், வீட்டில் கண்ணாடி போடும் யாராவது பார்த்தால் இன்னும் நல்லது.

முதலில் சாகப்போவது வாசகம். அக்காவின் லோகோவில் அந்த எழுத்தின் உயரம் 14. லோகோ 75 மி.மீ. அகலத்தில் இருக்கும்போது அது 1.75 மி.மீ. வரும், படிக்கலாம். 50-க்கு வந்தால் 1.2 மி.மீ.கூட இல்லை, எறும்பு வரிசை மாதிரி இருக்கும். ஆக, வாசகத்தோடு சேர்த்த முழு லோகோவுக்கு 75 மி.மீ. என்று கோடு போடுங்கள். அதற்குக் கீழே வாசகம் இல்லாத இரண்டாம் வடிவம். இது தனி ஃபைலாகவே இருக்கணும், வாசகத்தை அழித்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னால் எதை அழிப்பாரோ தெரியாது.

அடுத்து போவது தமிழ் எழுத்துப் புள்ளி. ரோமன் எழுத்துக்கு இந்தக் கவலை குறைவு, நமக்கு த்-உம் ள்-உம் புள்ளி போனால் சொல்லே மாறிப்போகிறது. அக்காவின் லோகோவில் புள்ளியின் விட்டம் 7. லோகோ 36 மி.மீ. அகலத்தில் அது சுமார் 0.4 மி.மீ., ரோமன் எழுத்து 1.5 மி.மீ. உயரம், ம 3 மி.மீ. லேசர் பிரிண்டரில் இது சுத்தமாக வரும். இன்னும் இறங்கினால் வெள்ளையில் கருப்பாகப் புள்ளி தெரியும், ஆனால் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அடித்தால் சுற்றியிருக்கும் மை பரவிப் புள்ளியை விழுங்கிவிடும். சோதனைத் தாளில் தலைகீழ் நிறத்தையும் கட்டாயம் ஒரு வரிசை வையுங்கள். எது மோசமாக வருகிறதோ அதை வைத்துத்தான் எண்ணைப் போடணும். அதனால் இரண்டாம் வடிவத்துக்கு 36 மி.மீ.

அதற்கும் கீழே வட்டம் மட்டும். மிளகாய் வட்டம் 10 மி.மீ. வரை தாங்கும், காம்பில் மெல்லிய கோடு இருந்தால் அந்தக் கோட்டைச் சின்ன வடிவத்தில் எடுத்துவிடுவது நல்லது.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பாக்கெட்டில் பாருங்கள். 100 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டின் முன்பக்க ஸ்டிக்கர் 60 மி.மீ. அகலம். முழு லோகோ 75 கேட்கிறது, போகாது. இரண்டாம் வடிவத்தை 48 மி.மீ.க்குப் போட்டால் இரு பக்கமும் நான்கு நான்கு இடம், மொத்தம் 56, சரி. இப்போது மாதிரிக்குக் கொடுக்கும் குட்டிப் பாக்கெட், ஸ்டிக்கர் 40 மி.மீ. குறைந்த அளவான 36-உடன் மும்மூன்று இடம் சேர்த்தால் 42. இரண்டு மி.மீ. உதைக்கிறது. இங்கேதான் கொஞ்சம் சுருக்கிக்கலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம், வட்டத்தை மட்டும் 20 மி.மீ.க்குப் பெரிதாகப் போட்டு, பெயரைப் பாக்கெட்டின் மற்ற எழுத்தோடு தனி வரியாக எழுதிவிடுங்கள். சுற்று இடமும் குறைந்த அளவும் இப்படி ஒன்றையொன்று இழுக்கும் என்பதால்தான் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன்.

எம்பிராய்டரிக்குத் தனி எண் வேண்டும். நூலுக்கு 0.4 மி.மீ. புள்ளி என்பதே கிடையாது, ஊசி இரண்டு தடவை குத்தினாலே ஒரு மி.மீ. ஆகிவிடும். பொதுவாக 5 மி.மீ.க்குக் குறைந்த எழுத்து துணியில் நன்றாக வராது. அக்காவின் ரோமன் எழுத்தை அந்த உயரத்துக்குக் கொண்டுவர லோகோ 120 மி.மீ. அகலம் வேண்டும், சட்டைப் பைக்கு மேல் அது அதிகம். ஆகவே சட்டை மார்புக்கு வட்டமும் தமிழ்ப் பெயரும் மட்டும் என்று தாளிலேயே முடிவு செய்து எழுதிவிடுங்கள்.

திரைக்கு மில்லிமீட்டர் உதவாது, பிக்சல்தான். முழு லோகோ 350 பிக்சல் அகலம், வாசகம் இல்லாதது 200, வட்டம் 24. வாட்சப், முகநூல் படத்துக்கு எப்போதும் வட்டம் மட்டும். நீள லோகோவை அங்கே போட்டால் வட்டமாக வெட்டும்போது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போய்விடும்.

ஃபைல்கள்: நான்கு வகை போதும்

அச்சகத்துக்கு பி.டி.எஃப், இணையதளத்துக்கும் வினைல் வெட்டும் கடைக்கும் எஸ்.வி.ஜி, பேனர் செய்யும் தம்பிக்குப் பின்னணி இல்லாத பி.என்.ஜி, எதையும் திறக்கத் தெரியாதவருக்கு வெள்ளைப் பின்னணியோடு ஜே.பி.ஜி. இல்லஸ்ட்ரேட்டர், கோரல்ட்ரா அசல் ஃபைலை அக்கா தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும், வெளியே கொடுக்கத் தேவையில்லை.

தமிழ் லோகோவுக்கு இதில் ஒரு படி இருக்கிறது, அதை விட்டால் மற்ற எல்லாம் வீண். எழுத்தை எழுத்தாகவே விட்டு ஃபைலை அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இருக்காது. அதற்குப் பதில் வேறு எழுத்துரு வரும், அல்லது கட்டம் கட்டமாக வரும். தமிழைச் சரியாக அடுக்கத் தெரியாத மென்பொருளாக இருந்தால் இன்னும் மோசம்: லை என்பதில் முன்னால் வரவேண்டிய சுழி ல-வுக்குப் பின்னால் போய் நிற்கும், கொ, கோ எல்லாம் சிதறும். தமிழ் படிக்காத கடைக்காரருக்கு அது தப்பு என்றே தெரியாது, அப்படியே அடித்துவிடுவார். அதனால் எழுத்தைக் கோடாக மாற்றிவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்தைத் தேர்ந்து `Create Outlines`, இன்க்ஸ்கேப்பில் `Object to Path`. மாற்றுவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு திருத்த முடியாது, அசலைத் தனியாகச் சேமித்துவிட்டு நகலில் செய்யுங்கள்.

சரியாக மாறியதா என்று பார்க்க, பி.டி.எஃப்பை அடோபி ரீடரில் திறந்து `Properties` போய் `Fonts` என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே எதுவுமே இருக்கக் கூடாது. ஒரு பெயர் இருந்தாலும் எங்கோ எழுத்து மாறாமல் இருக்கிறது.

கேன்வாவில் செய்தவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே பி.டி.எஃப் இறக்கும்போது `Flatten PDF` என்று ஒரு கட்டம் இருக்கும், அதைத் தொட்டால் எல்லாம் படமாகிவிடும். எஸ்.வி.ஜி-யும் பின்னணி இல்லாத பி.என்.ஜி-யும் பணம் கட்டும் கணக்கில்தான் கிடைக்கும்.

பி.என்.ஜி எவ்வளவு பெரிதாக இருக்கணும்? பண்டிங்கில் லோகோ 480 மி.மீ., அதாவது ஏறக்குறைய 19 அங்குலம். வாட்சப்பில் சுற்றும் 600 பிக்சல் படத்தைப் போட்டால் அங்குலத்துக்கு 32 பிக்சல்கூட வராது, பக்கத்தில் நின்றால் கட்டம் தெரியும். பண்டிங்குக்கு 100 இருந்தால் நன்றாக வரும். 3500 பிக்சல் அகலத்தில் ஏற்றுமதி செய்தால், சுற்று இடம் போக லோகோவுக்கு 3000 கிடைக்கும், அங்குலத்துக்கு 150-க்கு மேல். அதற்கு மேல் வேண்டுமென்றால் பி.டி.எஃப் இருக்கவே இருக்கிறது.

பெயர்கள் ரோமன் எழுத்தில், இடைவெளி இல்லாமல், எதற்கு என்று பெயரிலேயே தெரிகிற மாதிரி:

```
01-penuh-cetak.pdf
02-tanpa-slogan-cetak.pdf
02-tanpa-slogan-web.svg
02-tanpa-slogan-3500px.png
02-tanpa-slogan-putih-3500px.png
03-bulat-1000px.png
03-bulat-latar-putih.jpg
```

மலாயில் வைத்ததற்குக் காரணம், இந்த ஃபைலைத் திறப்பவர் பெரும்பாலும் தமிழர் இல்லை. எண் வைத்தால் தொலைபேசியில் சொல்வதும் சுலபம்: தம்பி, இரண்டாம் எண் பி.டி.எஃப் எடு என்றால் முடிந்தது.

அனுப்பும்போது வாட்சப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும், பின்னணி இல்லாத படத்துக்குப் பின்னணியும் வந்துவிடும். `Document` என்று தேர்ந்து அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவ் இணைப்பு ஒன்றைத் தாளிலேயே கியூ.ஆர் குறியாகப் போட்டுவிடுங்கள்.

இப்போது தாளை அடுக்கலாம்

ஏ4, படுக்கை வாட்டத்தில். இடப்பக்கப் பாதியில் பெரிதாகச் சுற்று இடப் படம்: லோகோ, சுற்றி மெல்லிய புள்ளிக் கோடு, நான்கு பக்கமும் வெளிறிய நிறத்தில் ம. வலப்பக்கம் மேலே மூன்று வடிவங்களும் அவற்றின் குறைந்த அளவிலேயே, 75, 36, 10 மி.மீ. என்று உண்மையான அளவில். பக்கத்தில் எண், அதன் கீழே பிக்சல். வலப்பக்கம் கீழே எந்த வேலைக்கு எந்த ஃபைல் என்று நான்கு வரி. கீழ் ஓரத்தில் மூன்று சிறு தவறுப் படங்கள், மேலே சிவப்புக் குறுக்குக் கோடு: இழுத்து நீட்டியது, வெள்ளைப் பெட்டியோடு சிவப்புப் பேனரில் ஒட்டியது, பக்கத்தில் எண்ணை நெருக்கியது. இதற்கு மேல் தவறு காட்ட வேண்டாம், எட்டு பத்து போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. நிறத்துக்கு ஒரே வரி, அச்சுக்குச் சிவப்பின் சி.எம்.ஒய்.கே எண்ணும் திரைக்கு அதன் நிற எண்ணும்.

சொற்களை மலாயில் எழுதுங்கள், முடிந்த மட்டும் குறைவாக. தமிழ் வேண்டுமென்றால் அடியில் சின்னதாக.

ஒரு மூலையில் சரியாக 50 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, அதன் மேல் 50 மி.மீ. என்று எழுதிவிடுங்கள். தாளை அச்சடித்தவர் அடிக்கோல் வைத்துப் பார்த்து 47 என்று வந்தால், அளவு சுருங்கிவிட்டது, வலப்பக்க லோகோக்கள் காட்டும் அளவை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்வார். கைப்பேசியில் பார்ப்பவருக்கு இந்தக் கோடு பயன்படாது, அவருக்குத்தான் எண்களைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

இன்னொரு மூலையில் மாதமும் ஆண்டும். லோகோவைப் பின்னால் கொஞ்சம் திருத்தினால் பழைய தாள் ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கும், எது புதிது என்று கேட்டால் தேதியைப் பார்த்துச் சொல்லலாம்.

எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன் ஸ்டிக்கர் கடைக்கு மட்டும் தாளையும் ஃபைல்களையும் கொடுத்து, வேறு எதுவும் சொல்லாமல் 60 மி.மீ. ஸ்டிக்கர் ஒன்று கேளுங்கள். அவர் எந்த ஃபைலை எடுத்தார், புள்ளிகள் தெரிகிறதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் இடம் சமமா என்று பாருங்கள். அக்கா, இதுல எதை எடுக்கிறது என்று அவர் போன் போட்டால், ஃபைல் பெயரையோ அந்த நான்கு வரியையோதான் திருத்தணும். திருத்திவிட்டு ஈப்போ கடைக்கு அனுப்புங்கள்.